10 நிமிஷத்துக்கு மேல உட்கார முடியாதவங்க குரூப் 4 கணக்கை எப்படிப் படிக்கிறது?

பாலக்கோட்டுக்காரி | மாலை 6:05

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சிக்காகக் கேக்கறேன். வயசு 22, குரூப் 4 எழுதப் போறா. தமிழ், பொது அறிவெல்லாம் எப்படியோ ஓட்டிடறா. அந்த 25 கணக்குக் கேள்விதான் தொல்லை. உட்கார்ந்த எட்டாவது, பத்தாவது நிமிஷம் எழுந்துடுவா. தண்ணி, ஃபோன், அடுப்படின்னு போனா திரும்பி வர்றதில்ல.

செஞ்சு பார்த்தது மூணு. சாயங்காலம் 5 மணியிலிருந்து 9 மணி வரைக்கும் டைம்டேபிள் போட்டோம், மூணு நாள் ஓடுச்சு. ஃபோன்ல டைமர் வெச்சோம், டைமரை நிறுத்தப் போய் ஃபோனையே பார்த்துட்டு உட்கார்ந்துட்டா. டைரியில டிக் போட்டா, ரெண்டு வாரத்துக்கு அப்புறம் அந்த டைரி எங்கன்னே தெரியல.

எங்க வீட்ல ஒரே ஹால். மாசி பொறந்ததிலிருந்து அம்மா அங்கதான் புளி தட்டிக்கிட்டு இருக்காங்க. நான் கேக்கறது இதுதான். வேலையை எவ்வளவு சின்னதா உடைக்கணும்? கூட ஒருத்தர் உட்கார்ந்தா நிஜமாவே உதவுமா? படிச்சது கண்ணுக்குத் தெரியற மாதிரி எதை வெச்சா ரெண்டு வாரத்தைத் தாண்டும்?

---

காவேரிப்பட்டணத்தான் | மாலை 6:31

இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு யோசனை? பொமோடோரோ முறைதான். 25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் ஓய்வு, நாலு சுத்து முடிஞ்சா பெரிய ஓய்வு. 1980கள் கடைசியில இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ தக்காளி வடிவ டைமர் வெச்சு ஆரம்பிச்சது. தக்காளி விளையற உங்க பாலக்கோட்டுக்குப் பொருத்தமான முறைதான்! ஃபோன் வேண்டாம்னா சாவி கொடுக்கற சமையல் டைமர் ஒண்ணு வாங்கிக் கொடுங்க, சரியாயிடும்.

---

பென்னாகரம் கணக்கு டீச்சர் | மாலை 7:10

ஃபோனை விலக்கி சமையல் டைமர் வைக்கச் சொன்னீங்களே, அது சரி. ஆனா 25 நிமிஷம் இந்தப் பொண்ணுக்குச் சரிவராது. எட்டு நிமிஷத்துல கவனம் நழுவறவளுக்கு 25ங்கறது மூணு மடங்கு. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே அவ எழுந்திருப்பா. அப்ப ஒவ்வொரு சுத்தும் "இன்னிக்கும் முடியல"ன்னுதான் முடியும். எட்டு நிமிஷமா குறைச்சாலும் இன்னொரு சிக்கல் உண்டு. நேரம் முடிஞ்சதும் கணக்கு பாதியில நிக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தா எங்க விட்டோம்னு தேடவே மூணு நிமிஷம் போயிடும்.

அதனால வேலையை நிமிஷத்தால அளக்காதீங்க. முடிஞ்சா காகிதத்துல என்ன இருக்கும்னு பார்த்து அளங்க. "கூட்டு வட்டி படிக்கணும்"னு எழுதினா அது எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது. "5,000 ரூபாய்க்கு 8 சதவீதம், முதல் வருஷ வட்டியைக் கண்டுபிடிச்சு நோட்டுல எழுது"ன்னு எழுதினா, 400ன்னு எழுதின நொடியிலேயே முடிஞ்சது.

எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதம் பாடத்துல வர்ற கூட்டு வட்டியையே உடைச்சுக் காட்டறேன். ஒரு வேலைக்கு ஒரு துண்டுச்சீட்டு.

முதல் சீட்டு: புத்தகத்தை அந்தப் பக்கத்துல திறந்து வை, நோட்டுல தேதியும் தலைப்பும் எழுது. அவ்வளவுதான். இதைப் படிப்பா எண்ணலாமான்னு கேப்பாங்க. எண்ணணும். இவளுக்குக் கஷ்டமே ஆரம்பிக்கறதுலதான்.

ரெண்டாவது: 5,000 ரூபாய், 8%, 2 வருஷம். தனிவட்டி எவ்வளவு? 800 வரும். இது அவளுக்குத் தெரிஞ்ச கணக்கு, கை ஓட ஆரம்பிச்சுடும்.

மூணாவது: அதே பணத்துக்கு முதல் வருஷ வட்டி மட்டும். 400.

நாலாவது: இப்ப அசல் 5,400. அதுக்கு ஒரு வருஷ வட்டி. 432.

அஞ்சாவது: ரெண்டையும் கூட்டி, தனிவட்டியைக் கழி. 832லிருந்து 800 போனா 32.

ஆறாவது: அந்த 32 எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரே வரியில எழுது. 400 ரூபாய் வட்டிக்கு மறுபடியும் 8% போட்டதுதான் அந்த 32. இந்த வரியை அவ தானே எழுதிட்டா கூட்டு வட்டியே புரிஞ்ச மாதிரி.

ஏழாவது: புத்தகத்தைப் பார்த்து சூத்திரத்தை எழுது. அதுல போட்டாலும் மொத்தத் தொகை 5,832 வருதான்னு பார்.

எட்டாவது: புத்தகத்தை மூடு. 10,000 ரூபாய், 5%, 2 வருஷம். கூட்டு வட்டிக்கும் தனிவட்டிக்கும் என்ன வித்தியாசம்? 25 வரணும்.

ஒன்பதாவது: பழைய வினாத்தாள்ல இதே மாதிரி ஒரே ஒரு கேள்வி.

சூத்திரம் ஏழாவதாத்தான் வருது, கவனிச்சீங்களா? முதல்லயே சூத்திரத்தைக் கொடுத்தா அதை வெறிச்சுப் பார்த்துட்டே உட்கார்ந்திருப்பா. கை ஓடாத இடத்துலதான் கவனம் ஓடிப்போகும்.

சீட்டை முந்தின நாள் ராத்திரியே எழுதி வெச்சிடணும். படிக்க உட்கார்ந்த பிறகு "இன்னிக்கு என்ன படிக்கலாம்"னு யோசிச்சா, இருக்கற எட்டு நிமிஷமும் அதுக்கே சரியாப் போயிடும்.

---

பாலக்கோட்டுக்காரி | இரவு 7:42

டீச்சர், ரொம்ப நன்றி. இந்த அளவுக்கு உடைக்கணும்னு தோணவே இல்ல. ஒரு சந்தேகம். சில சீட்டு ரெண்டு நிமிஷத்துல முடியுது, சிலது இழுத்துட்டே போகுது. "அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி" கணக்குக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன், இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தா.

---

பென்னாகரம் கணக்கு டீச்சர் | இரவு 8:03

அந்தச் சீட்டுக்குள்ள ரெண்டு வேலை ஒளிஞ்சிருக்கு, அதான். ரெண்டு நிமிஷமா பேனா நகரலைன்னா சீட்டு பெருசுன்னு அர்த்தம். அப்ப அவ பிரயத்தனப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். சீட்டைத் திருப்பி, அதன் முதுகுல "எதுல நின்னேன்"னு நாலு சொல்லு எழுதிட்டு அடுத்த சீட்டுக்குப் போகட்டும். ராத்திரி நீங்க அதைப் பார்த்து ரெண்டா கிழிங்க.

அரையாண்டு வட்டியில ஒளிஞ்சிருக்கறது என்னன்னா, வட்டி வீதம் பாதியாகணும், தடவை இரட்டிப்பாகணும். 8%, 1 வருஷம்னா 4%, 2 தடவை. பாதிப் பேர் வீதத்தைக் குறைச்சுட்டு தடவையை மாத்த மறந்துடுவாங்க. அதனால கணக்கே போடாம, "8%, 1 வருஷம், அரையாண்டு: வீதம் எவ்வளவு, எத்தனை தடவை?"ன்னு மட்டும் ஒரு சீட்டு. 5,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டு 5,408 வருதான்னு பார்க்கறது அடுத்த சீட்டு.

---

ஊத்தங்கரை அப்பா | இரவு 8:15

என் பையன் நாலாவது படிக்கறான். அவனும் இதே மாதிரிதான், ஒரு இடத்துல நிக்க மாட்டான். ஸ்கூல்லயும் கம்ப்ளெய்ன்ட். அவனுக்கும் இந்த மாதிரி சீட்டு எழுதிக் கொடுத்தா சரியாயிடுமா?

---

நூலக ஜன்னல் | இரவு 8:40

அண்ணா, உங்க கேள்வி வேற. சீட்டு கொடுங்க, கெடுதல் இல்ல. ஆனா வீட்லயும் பள்ளியிலயும் ரெண்டு இடத்துலயும் ஆறு மாசத்துக்கு மேல இப்படியே இருக்குன்னா, அதை ஒரு டாக்டர் பார்க்கணும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு, குழந்தைகள் பிரிவுல கேளுங்க. வகுப்பு டீச்சர் கைப்பட எழுதின ஒரு பக்கக் குறிப்பையும் எடுத்துட்டுப் போங்க, டாக்டருக்கு அது உதவும்.

இப்ப பாலக்கோட்டு அக்கா கேட்ட ரெண்டாவது கேள்வி. கூட ஒருத்தர் உட்கார்ந்தா உதவும். ஆனா எந்த வேலைக்குங்கறதுல விஷயம் இருக்கு. 1965ல ராபர்ட் சயான்ஸ்ங்கற உளவியலாளர், அதுக்கு முந்தி நடந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து ஒண்ணு சொன்னார். பக்கத்துல ஆள் இருந்தா, நல்லா பழகின வேலை வேகமாகும். இன்னும் பழகாத வேலை தடுமாறும். அப்படிப் பார்த்தா டீச்சர் சொன்ன ரெண்டாவது, மூணாவது சீட்டை அம்மா பக்கத்துல உட்கார்ந்து செய்யலாம். ஆறாவது சீட்டை அப்படிச் செய்ய வேண்டாம்.

உங்க வீட்டு நிலைமையில அம்மாதான் நல்ல துணை. கூடப் படிக்கற தோழியைவிட நல்லது. அம்மாவுக்குன்னு கையில வேலை இருக்கு, கண்ணு புளிமேல, நோட்டுமேல இல்ல. தட்டற சத்தம் ஒரே சீரா வரும். தோழி வந்தா பதினைஞ்சாவது நிமிஷம் பேச்சு தொடங்கிடும். ரெண்டு பேரும் ஒரே கணக்கைப் போட்டா யார் முந்திங்கற எண்ணமும் வந்துடும்.

உட்கார்ற முறையையும் சொல்றேன். அம்மாவுக்கு எதிர்ல வேண்டாம். பக்கவாட்டுல, ஒரு ரெண்டு முழம் தள்ளி உட்காரட்டும். அம்மா எழுந்து போனா தெரியணும், அம்மாவுக்கு நோட்டு தெரியக் கூடாது. ஆரம்பிக்கும்போது தங்கச்சி ஒரு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லணும்: "இப்ப மூணாவது சீட்டு போடறேன்மா." முடிச்சதும் "போட்டுட்டேன்." அம்மா "உம்" சொன்னா போதும்.

பெரும்பாலும் கெட்டுப்போறது இங்கதான். ரெண்டாவது நாளே அம்மா "எத்தனை முடிச்ச? சரியா வந்துச்சா?"ன்னு கேக்க ஆரம்பிப்பாங்க. பாசத்துலதான் கேக்கறாங்க. ஆனா அந்த நிமிஷம் துணையா இருந்தவங்க பரீட்சை ஹால் சூப்பர்வைசர் ஆயிடறாங்க. தங்கச்சி அம்மா வெளிய போற நேரமாப் பார்த்துப் படிக்க ஆரம்பிச்சான்னா, இது நடந்துடுச்சுன்னு புரிஞ்சுக்கலாம். இதை அம்மாகிட்ட முன்னாடியே தனியா சொல்லி வெச்சிடுங்க.

---

பென்னாகரம் கணக்கு டீச்சர் | இரவு 9:05

பழகின வேலை, பழகாத வேலைன்னு பிரிச்சதை ஏத்துக்கறேன். ஆனா புதுசைத் தனியா படிக்கச் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. இந்தப் பொண்ணு தனியா போனா ஆரம்பிக்கவே மாட்டா. தடுமாறினாலும் ஹால்ல உட்கார்ந்து ஆறாவது சீட்டை எழுதட்டும். மாணவிங்க பத்து பேரைப் பார்த்தா எட்டுப் பேருக்குப் பிரச்சனை தொடங்கறதுல, தடுமாறறதுல இல்ல.

---

நூலக ஜன்னல் | இரவு 9:12

இருக்கலாம் டீச்சர். ஆனா பயந்த சுபாவம் உள்ளவங்களுக்கு, தப்பாப் போடறது இன்னொருத்தர் காதுல விழும்ங்கற நினைப்பே கையைக் கட்டிடும். ஒரு வாரம் ஆறாவது மாதிரியான சீட்டையெல்லாம் அம்மா பக்கத்துல, அடுத்த வாரம் உள்ள தனியா செஞ்சு பார்க்கட்டும். எதுல அதிகம் முடியுதோ அதுதான் அவளுக்கு.

---

ஓசூர் நைட் ஷிப்ட் | இரவு 9:30

என் விஷயத்துல வீட்ல யாரும் இல்ல. ஃப்ரெண்டோட வீடியோ கால் போட்டுப் படிக்கறேன், ரெண்டு பேரும் மியூட். முகத்தைக் காட்டாம, கேமராவை நோட்டுக்கும் கைக்கும் திருப்பி வெச்சிருக்கோம். முகம் தெரிஞ்சா சிரிப்பு, அப்புறம் பேச்சு. இது 40 நிமிஷம் தாங்குது. அதுக்கு அப்புறம் திரையில மேல இருந்து ஒரு மெசேஜ் வந்து இறங்கும், முடிஞ்சது. யூடியூப்ல யாரோ படிக்கற வீடியோ போட்டும் பார்த்தேன். அவங்களுக்கு நான் எழுந்து போனது தெரியாதே, அதனால எனக்கு வேலைக்கு ஆகல.

---

நூலக ஜன்னல் | இரவு 9:38

கேமராவைக் கைக்குத் திருப்பினது நல்ல யோசனை. அந்த மெசேஜுக்கு, கால் போடறதுக்கு முன்னாடியே "தொந்தரவு செய்யாதே" போட்டுட்டு, ஃபோனைக் கைக்கு எட்டாத அலமாரியில சாய்ச்சு வைங்க. கேமராவுக்கு நோட்டு தெரியணும், உங்க கைக்கு ஃபோன் எட்டக் கூடாது.

---

காவேரிப்பட்டணத்தான் | இரவு 9:44

சரி, டைமர் விஷயத்துல டீச்சர் சொன்னதை ஒத்துக்கறேன். மூணாவது கேள்விக்கு வர்றேன். தினசரி காலண்டரை மாட்டி, படிச்ச நாளுக்கெல்லாம் சிவப்பு மையில குறி போடச் சொல்லுங்க. சங்கிலி மாதிரி நீளும், அறுக்க மனசு வராது.

---

பென்னாகரம் கணக்கு டீச்சர் | இரவு 10:02

அறுக்காத வரைக்கும் சரி. வீட்ல ஒரு விசேஷம், ஒரு நாள் காய்ச்சல், சங்கிலி அறுந்துடும். அறுந்த மறுநாள்தான் ஆபத்து. பதிமூணு நாள் குறி வீணாப் போச்சுன்னு தோணினா பதினஞ்சாவது நாள் காலண்டர் பக்கமே போக மாட்டாங்க. உங்க தங்கச்சியோட டைரி ரெண்டு வாரத்துல காணாமப் போச்சுன்னு எழுதியிருந்தீங்களே, அதுவும் இப்படித்தான் போயிருக்கும். நாளை எண்ணாதீங்க, முடிச்ச சீட்டை எண்ணுங்க. ஒரு நாள் விட்டாலும் முடிச்ச சீட்டு குறையாது.

எண்ண வேற எதுவும் வாங்க வேண்டாம். அம்மா காலடியிலயே புளியங்கொட்டை கிடக்கு. ஒரே அளவு கண்ணாடி டம்ளர் ரெண்டு எடுங்க. ஸ்டீல் டம்ளர் வேண்டாம், உள்ள இருக்கறது வெளிய தெரியாது. ஒரு பாடத்துக்கு எத்தனை சீட்டோ அத்தனை கொட்டை இடது டம்ளர்ல. சீட்டு ஒண்ணு முடிஞ்சா கொட்டை ஒண்ணு வலது டம்ளருக்கு. "டிங்"னு விழற சத்தம்கூட உதவும், அம்மா "உம்" சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

கொட்டை எத்தனைங்கறதுல தப்பு பண்ணாதீங்க. மொத்த சிலபஸுக்கும் சேர்த்து 400 கொட்டை போட்டா, ஒரு நாள் முழுக்கப் படிச்சாலும் டம்ளர் மாறின மாதிரியே தெரியாது. வட்டி முழுசுக்கும் 30, 35 போதும். ஒரு வாரத்துல இடது பக்கம் காலியாகணும்.

---

நூலக ஜன்னல் | இரவு 10:20

இதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. 2006ல ஜோசப் நூன்ஸ், சேவியர் ட்ரேஸ்னு ரெண்டு பேர் கார் கழுவற இடத்துல 300 அட்டை கொடுத்துப் பார்த்தாங்க. பாதிப் பேருக்கு 8 முத்திரை குத்தினா ஒரு தடவை இலவசம்னு வெற்று அட்டை. மீதிப் பேருக்கு 10 கட்டம், ஆனா 2 முத்திரை முன்கூட்டியே குத்தின அட்டை. ரெண்டுக்கும் கழுவ வேண்டியது அதே 8 தடவைதான். வெற்று அட்டை வாங்கினவங்கள்ல 19 சதவீதம் பேர் முடிச்சாங்க, முன்கூட்டியே குத்தினதை வாங்கினவங்கள்ல 34 சதவீதம்.

அதனால வலது டம்ளரைக் காலியா வெச்சு ஆரம்பிக்காதீங்க. தங்கச்சிக்குத் தனிவட்டி ஏற்கெனவே தெரியும்ல? அதுக்கு நிஜமாவே முடிச்ச மூணு சீட்டு எழுதி, மூணு கொட்டையை முதல் நாளே போட்டுடுங்க. சும்மா போடாதீங்க, அவளுக்கே தெரிஞ்சுடும்.

---

பாலக்கோட்டுக்காரி | இரவு 10:41

கொட்டை யோசனை அம்மாவுக்கே பிடிச்சுப் போச்சு, டம்ளர் ரெண்டைக் கழுவி வெச்சுட்டாங்க! ஆனா ஒரு பயம். கொட்டையை நகர்த்தணும்னே சுலபமான சீட்டா போட்டுத் தள்ளிட்டா? தப்பான விடைக்கும் கொட்டை உண்டா?

---

பென்னாகரம் கணக்கு டீச்சர் | இரவு 11:00

சுலபமான சீட்டு போட்டுத் தள்றது கண்டிப்பா நடக்கும். அதைப் பிடிக்கத்தான் ஞாயித்துக்கிழமை. அந்த வாரம் முடிச்ச சீட்டுங்க தலைப்புலேர்ந்து பழைய வினாத்தாள் கேள்வி பத்தைக் கலந்து எடுங்க, எந்தச் சூத்திரம்னு எழுதக் கூடாது. 15 நிமிஷம், தனியா. 30 கொட்டை நகர்ந்தும் பத்துல நாலுதான் சரின்னா, சீட்டெல்லாம் பார்த்து எழுதற வேலையாவே இருந்திருக்கு. அடுத்த வாரம் "புத்தகத்தை மூடு"ன்னு தொடங்கற சீட்டைப் பாதியாவது வையுங்க.

தப்பான விடைக்கு நடுவுல ஒரு சின்னக் கிண்ணம். போட்டுப் பார்த்து தப்பாயிட்டா கொட்டை கிண்ணத்துக்குப் போகும். இடது டம்ளர் குறையும், வலது ஏறாது. மூணு நாள் கழிச்சு அதே சீட்டைத் திரும்பப் போட்டுச் சரியானா வலதுக்கு. பரீட்சையில 200 கேள்விக்கு 3 மணி நேரம், ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. அந்த வேகம் கிண்ணம் காலியான பிறகு பார்த்துக்கலாம், இப்ப டைமரே வேண்டாம்.

---

பாலக்கோட்டுக்காரி | மறுநாள் காலை 6:20

நேத்து ராத்திரி பன்னெண்டு சீட்டு எழுதி வெச்சுட்டோம். இன்னிக்கு சாயங்காலம் 6:30க்கு ஆரம்பம். நாலு சீட்டுக்கு ஒருமுறை எழுந்து கொல்லைக்குப் போய்ட்டு வரலாம், ஃபோன் அப்பா சட்டைப் பையில. கடைசியா ஒண்ணு. சித்திரையில புளி முடிஞ்சிடும். அப்புறம் அம்மா சாயங்காலம் வீட்ல உட்காரவே மாட்டாங்க, மாங்கா வேலைக்குப் போயிடுவாங்க. அப்ப துணைக்கு யாரை வைக்கிறது?

---

ஓசூர் நைட் ஷிப்ட் | காலை 6:55

சாயங்காலம் 6:30ன்னா நான் ஷிப்டுக்குக் கிளம்பற நேரம், இல்லைன்னா என் கேமராவையே திருப்பி வெச்சிருப்பேன்.

---

நூலக ஜன்னல் | காலை 7:15

நேரத்தை மாத்திக்கங்க. அம்மா மாங்கா வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி விடியற்காலையில அரை மணி நேரம் சமையல் நடக்கும்ல? அந்த அடுப்படி வாசல்ல ஆறு சீட்டு. மீதியை நூலகத்துல, செய்தித்தாள் படிக்கற பெரியவங்க மேசையில போடட்டும். அங்க யாரும் யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்க. டம்ளரைத் தூக்கிட்டுப் போக முடியாது, அதனால முடிச்ச சீட்டைச் சட்டைப் பையில போட்டு வந்து, வீட்ல கொட்டையை மொத்தமா நகர்த்தட்டும். "டிங்" சத்தம் தள்ளிப்போறதால வேகம் குறையுமான்னு மட்டும் முதல் வாரம் பார்த்து இங்க எழுதுங்க.